மனைவி பேரை கணவர் எடுத்துக்கணும்னா: கெஜட் முதல் பான் கார்டு வரை

போன வாரம் கொல்லிமலை, வாழவந்திநாடு பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருந்தார். கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசம் ஆகுது. மனைவி அந்த வீட்டுக்கு ஒரே பொண்ணு. இவர் போய் அங்கேயே இருக்கார், காப்பியும் மிளகும் அவர்தான் பார்த்துக்கறார். "அவங்க குடும்பப் பேரையே நானும் வச்சுக்கலாம்னு இருக்கேன். சட்டப்படி முடியுமா? எங்க போகணும்?" இதுதான் கேள்வி.

முடியும். கல்யாணம் ஆனா யார் பேரை யார் எடுத்துக்கணும்னு இந்தியாவுல எந்தச் சட்டமும் சொல்லல. மனைவி கணவர் பேரைச் சேர்த்துக்கறதே வழக்கம்தான், கட்டாயம் இல்ல. 2021-ல ஜிக்யா யாதவ் வழக்குல உச்ச நீதிமன்றம், ஒருத்தர் தன் பேரைத் தானே தீர்மானிக்கறது கருத்துச் சுதந்திரத்துல சேர்த்திதான்னு தெளிவா சொல்லிருக்கு. தென்னாப்பிரிக்காவுல நிலைமை வேற. அங்க மனைவி பேரை ஆண் எடுத்துக்கச் சட்டமே இடம் கொடுக்கல. ரெண்டு தம்பதிகள் வழக்குப் போட்டு, 2025 செப்டம்பர்லதான் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாதுன்னு சொல்லுச்சு. நமக்கு அந்தத் தடை இல்ல. நம்ம சிக்கல் ஃபார்ம்ல இருக்கு.

அதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. தமிழ்ல 'மனைவியோட சர்நேம்'னா என்ன? நம்ம ஊர்ல பெரும்பாலானவங்களுக்கு சர்நேமே கிடையாது, இனிஷியல்தான். அதுவும் அப்பா பேரோட முதல் எழுத்து. பாஸ்போர்ட்டுல சர்நேம்னு கட்டம் இருக்கறதால, அப்பா பேரைத் தூக்கி அங்க போடறோம். அதைக் காலியா விடவும் முடியாம ஆகிட்டு வருது. 2022 நவம்பர்ல, ஒத்தைப் பேர் மட்டும் இருக்கற பாஸ்போர்ட்டோட டூரிஸ்ட் விசாவுல வர்றவங்கள விடமாட்டோம்னு அமீரகம் சொன்னப்ப எத்தனை பேர் அலைஞ்சாங்கன்னு ஞாபகம் இருக்கும்.

நம்ம தம்பியை ப. செந்தில்னு வச்சுக்குவோம், அப்பா பழனி. மனைவி மீனா, பாஸ்போர்ட்டுல மீனா பொன்னுசாமி. பேரெல்லாம் நான் மாத்திட்டேன். இவர் மனைவியோட சர்நேமை எடுத்தா, செந்தில் பொன்னுசாமி ஆவார். அதாவது மாமனார் பேர். பார்க்கறவங்க பொன்னுசாமிதான் இவரோட அப்பான்னு நினைப்பாங்க. அதனால இதை முதல்லயே மனசுல போட்டுக்கங்க: மாறப்போறது உங்க பேர் மட்டும்தான். 'தந்தை பெயர்' கட்டத்துல எல்லா இடத்துலயும் பழனிதான் இருக்கணும். இன்னொண்ணு, 'ப.'ங்கிற இனிஷியலை வச்சுக்கறதா விடறதான்னும் இப்பவே முடிவு பண்ணுங்க. ஒரு கார்டுல 'ப. செந்தில் பொன்னுசாமி', இன்னொண்ணுல 'செந்தில் பொன்னுசாமி'ன்னு ஆனா, அப்புறம் பானும் ஆதாரும் இணையாது. ஆங்கில எழுத்துக்கும் இதேதான். Ponnusamy-யா Ponnuswamy-யான்னு மனைவி பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்படியே எழுதுங்க.

சரி, பேப்பர் வேலை. ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் தெரியறது இங்கதான். பான் கார்டு திருத்த விண்ணப்பத்தோட விதிமுறையை எடுத்துப் படிங்க. கல்யாணத்தால பேர் மாறுற பெண்களுக்குன்னு ரொம்ப காலமா தனி வரி ஒண்ணு இருக்கு: திருமணச் சான்றிதழ் போதும், கல்யாணப் பத்திரிகை இருந்தாக்கூடப் போதும். மத்தவங்க எல்லாருக்கும் கெஜட் அறிவிப்போ, கெஜடட் அதிகாரி தர்ற சான்றிதழோ வேணும். அதே கல்யாணம், அதே பத்திரிகை, ஆனா செந்திலுக்கு அது செல்லாது. ஆண் பேர் மாத்தக் கூடாதுன்னு யாரும் நினைச்சு எழுதினதா எனக்குத் தோணல. மாத்துவான்னே யாருக்கும் தோணல, அவ்வளவுதான்.

அதனால செந்தில் கெஜட்ல இருந்துதான் தொடங்கணும். சென்னை அண்ணா சாலையில இருக்கற எழுதுபொருள் அச்சுத்துறைதான் இதைப் பார்க்குது. stationeryprinting.tn.gov.in தளத்துல படிவம் இருக்கு, அன்னைக்குள்ள கட்டணமும் அங்கயே போட்டிருப்பாங்க. பிறப்புச் சான்றிதழ் இல்ல பள்ளிச் சான்றிதழ் நகல், அடையாள அட்டை, போட்டோ, அதுல அதிகாரியோட சான்றொப்பம். இவர் திருமணச் சான்றிதழையும் சேர்த்து வைக்கலாம், காரணம் புரியும். கொல்லிமலைக்காரங்களுக்கு ஒரு குறிப்பு: மலையாளி பழங்குடிகளுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. ஆனா தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009, எல்லா முறைக் கல்யாணத்துக்கும் பொருந்தும். மலையில வழக்கப்படி நடந்த கல்யாணத்தையும் பதியலாம், பதியணும். 90 நாளுக்குள்ள பதிஞ்சா சுலபம். இவருக்கு ஏற்கெனவே ஆறு மாசம் ஆச்சு, அதனால சார்பதிவாளர் ஆபீஸ்ல முதல்ல அதைக் கேட்டுக்கணும்.

கெஜட்ல வர்றது ரெண்டு மூணு வரிதான். இன்னார், இன்னாருடைய மகன், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி, இனிமேல் இந்தப் பேரால் அறியப்படுவார். அந்த 'பழனியின் மகன்' இருக்கே, அதுதான் இவருக்கு உயிர்நாடி. பிழை இல்லாம வந்திருக்கான்னு பாருங்க. ஏன்னா பேர் மாத்த அறிவிப்புகளுக்கு அரசு சட்டப் பொறுப்பு ஏத்துக்காதுன்னு கெஜட்டே அச்சடிச்சுத்தான் போடுது. அது உங்க பிரகடனம், அரசு அதை வெளியிடுது, அவ்வளவுதான்.

அடுத்தது ஆதார். பேரை ஆயுசுக்கு ரெண்டு தடவைதான் சாதாரணமா மாத்த விடுவாங்க, அதனால எழுத்துப்பிழையில ஒண்ணை வீணாக்காதீங்க. கெஜட்டோட, பழைய பேர்ல போட்டோ இருக்கற ஒரு அடையாள அட்டையும் எடுத்துட்டுப் போங்க. ஆதார் புதுப் பேர்ல வந்த பிறகு பான், அப்புறம் பேங்க், அப்புறம் பாஸ்போர்ட். பேங்க்கை முதல்ல மாத்திட்டு பானை அப்புறம் பார்த்துக்கலாம்னு போனா, கேஒய்சி பேர் பொருந்தாம நிக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை விட்டுடுங்க, அது பழைய பேர்லயே இருக்கட்டும். யாராவது கேட்டா கெஜட் நகலைக் காட்டுங்க. அதனால ஒண்ணுக்கு நாலா எடுத்து வச்சுக்கங்க, பிடிஎஃப்பையும் சேமிச்சு வைங்க.

இப்ப செந்தில் கட்டாயம் கேட்கவேண்டிய விஷயம், சாதிச் சான்றிதழ். கொல்லிமலை மலையாளிகள் பட்டியல் பழங்குடி. அந்தச் சான்றிதழை 1989 நவம்பர்ல இருந்து தாசில்தார் தர்றதில்ல, கோட்டாட்சியர்தான் தர்றார். அது பிறப்பை வச்சு வர்றது, கல்யாணத்தால மாறாது. மலையாளியா பிறந்த செந்தில் மாமனார் பேரைச் சேர்த்தாலும் சான்றிதழ் செல்லும். சமவெளியில இருந்து ஒருத்தர் மலையில பொண்ணு கட்டி, அவங்க குடும்பப் பேரை எடுத்துக்கிட்டாலும் அவர் பழங்குடி ஆகமாட்டார். சிக்கல் சரிபார்ப்புல வரும். சான்றிதழ்ல 'ப. செந்தில், தந்தை பழனி', விண்ணப்பத்துல 'செந்தில் பொன்னுசாமி'. யார் இந்தப் பொன்னுசாமின்னு கேள்வி வந்தா, 'பழனியின் மகன்'னு போட்ட கெஜட் ஒண்ணுதான் ரெண்டையும் சேர்த்துக் கட்டும். டிஎன்பிஎஸ்சி மாதிரி ஏதாவது விண்ணப்பம் நடுவுல ஓடிக்கிட்டு இருந்தா, அது முடியற வரைக்கும் பேரைத் தொடாதீங்கன்னுதான் நான் சொல்வேன்.

கடைசியா அவர் கேட்ட ஒரு குட்டிக் கேள்வி: பொறக்கப்போற குழந்தைக்கு இனிஷியல் என்ன? அப்பா பேர் செந்தில், அதனால 'செ.' போடலாம். மனைவி பேர்ல 'மீ.' போட்டாலும் சரி. பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேர் மட்டும் புது ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கட்டும். அதனால குழந்தை வர்றதுக்குள்ள ஆதாரை முடிச்சுடுங்க தம்பி.