உச்சி நடுவில் இருக்கிறதா?

பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வானொலியில் படம் காட்ட முடியாது, அதனால் வரைகிற வேலை உங்களுடையது.

பிளஸ் ஒன் இயற்பியல் படித்தவர்களுக்கு இந்தப் படம் நினைவிருக்கும். தரையைக் குறிக்க ஒரு கோடு, அதன் இடது முனையிலிருந்து மேலெழுந்து வலப்பக்கம் இறங்கும் ஒரு வளைவு. எறிகோணம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம் என்று மூன்று விவரங்கள் அதில் எழுதியிருக்கும். நம் படத்தில் பந்து எழும் உயரம் 20 மீட்டர், போய் விழும் தூரம் 80 மீட்டர். கோணத்தை இப்போதைக்கு எழுத வேண்டாம்.

கிளம்பும் இடத்தில் பந்து எந்தத் திசையில் போகிறதோ, அந்தத் திசையிலேயே ஒரு நேர்கோட்டை நீட்டுங்கள். உச்சிக்கு நேர் மேலே அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கும்? சரியாக உச்சியைப் போல இரண்டு மடங்கு. ஈர்ப்பு விசை இல்லாவிட்டால் பந்து அந்தக் கோட்டிலேயே போயிருக்கும். ஈர்ப்பு அதன் மேல்நோக்கிய வேகத்தைச் சீராகக் குறைத்து, உச்சியில் பூஜ்யமாக்குகிறது. ஆகவே ஏறும்போது சராசரி வேகம் தொடக்க வேகத்தில் பாதி. ஏறிய உயரமும் பாதிதான்.

நம் படத்தில் உச்சி 40 மீட்டர் தள்ளி இருக்கிறது, கோடு அங்கே எட்டும் உயரமும் 40 மீட்டர். பக்கவாட்டில் 40, மேலே 40 என்றால் கோணம் 45 டிகிரி. இதற்கு வேகமும் வேண்டாம், புவியீர்ப்பின் அளவும் வேண்டாம். நிலவில் எறிந்திருந்தாலும் இதே 45தான்.

வேகம் வேண்டுமானால் ஈர்ப்பு தேவைப்படும். அதை வசதிக்காக 10 என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழ 2 நொடி, ஏறவும் அதே 2 நொடி. மொத்தம் 4 நொடியில் 80 மீட்டர் போனதால் கிடைத்திசை வேகம் நொடிக்கு 20 மீட்டர். மேல்நோக்கிய தொடக்க வேகமும் 20. இரண்டையும் பித்தாகரஸ் முறையில் சேர்த்தால் எறிந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். வழியில் எந்த இடத்தின் உயரத்தையும் சொல்லிவிடலாம். கால்வாசி தூரத்தில் பந்து முக்கால்வாசி உயரத்தில் இருக்கும். 20 மீட்டர் தள்ளி 12 மீட்டர் மதில் ஒன்று இருந்தால், பந்து 3 மீட்டர் இடைவெளியில் அதைத் தாண்டிவிடும்.

இப்போது அதே படத்தில் யாரோ 60 டிகிரி என்று எழுதிவைத்திருக்கிறார் என்று கொள்வோம். பயிற்சித் தாள்களில் இது நடக்கும். 60 டிகிரியில் கோடு ஏறினால் 40 மீட்டர் தள்ளி அது 69 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கும், அப்போது உச்சி 35 மீட்டரை நெருங்க வேண்டும். 20 ஒத்துவராது. மூன்றில் இரண்டைத்தான் நாம் விரும்பியபடி எழுதலாம், மூன்றாவது தானே அமைந்துவிடும். எந்த எண் தவறு என்று படம் மட்டும் சொல்லாது. பறக்கும் நேரம் கொடுத்திருந்தால் தெரியும்: 4 நொடி என்றால் உயரம் சரி, கோணமோ தூரமோ தவறு; ஐந்தேகால் நொடிக்குச் சற்று மேல் என்றால் உயரம் தவறு. கோணமானியை வைத்துத் தாளில் அளந்து தீர்ப்பு சொல்லாதீர்கள். உயரத்துக்கு ஓர் அளவும் தூரத்துக்கு வேறோர் அளவும் வைத்து வரைந்த படத்தில் கோணம் பொய் சொல்லும்.

இதுவரை சொன்னதெல்லாம் உச்சி சரியாக நடுவில் இருந்தால்தான் செல்லும். குண்டு எறிதலில் வீரரின் கையை விட்டுக் குண்டு கிளம்புவது தோளுக்கும் மேலேயிருந்து, விழுவதோ தரையில். அங்கே உச்சி நடுவுக்கு முன்பே வந்துவிடும். அப்படிப்பட்ட படத்தில், குண்டு கிளம்பிய மட்டத்துக்குத் திரும்பி வரும் புள்ளி வரையான தூரத்தையே நெடுக்கமாகக் கொண்டு, உயரத்தையும் அந்த மட்டத்திலிருந்தே அளந்தால் கணக்கு மறுபடி சரியாகும். தரையிலிருந்து அடித்தும் உச்சி நடுவைத் தாண்டி விழும் பக்கமாகச் சாய்ந்திருந்தால், அது காற்றின் வேலை. பேட்மிண்டன் இறகுப்பந்தைப் பாருங்கள்: சாய்வாக ஏறும், ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். அதற்கு இந்தக் கணக்கு உதவாது.

இத்தாலியரான டார்ட்டாக்லியா 1537-இல் பீரங்கிக் குண்டின் பாதையை நேர்கோடு, ஒரு வில், பிறகு நேர் கீழே விழும் கோடு என்று வரைந்தார். அது பரவளையம்தான் என்று கலிலியோ நிறுவி, 1638-இல் நூலாக வெளியிட்டார். பள்ளிப் பாடத்தில் டார்ட்டாக்லியா தவறு, கலிலியோ சரி என்று முடித்துவிடுவார்கள். ஆனால் காற்றைக் கிழித்து வேகமாகப் போகும் குண்டு ஏறியதைவிடச் செங்குத்தாக இறங்குவது உண்மைதான். அந்த இடத்தில் மட்டும் பழைய படம் பரவளையத்தைவிட நடப்புக்கு நெருக்கமாக இருந்தது.