நடுக்கவாதமும் மலச்சிக்கலும்



இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் நடுக்கவாதத்தை விவரித்தபோதே மலச்சிக்கலையும் குறிப்பிட்டார். குடலை இயக்கும் நரம்புகளையும் இந்நோய் தாக்குவதால், நடுக்கத்திற்குப் பல்லாண்டுகள் முன்னரே அது தோன்றக்கூடும். மலம் தேங்கினால் லெவோடோபா மாத்திரை பயனளிக்கத் தாமதமாகலாம்.

நோயாளி ஒருவர் கீரையும் பயறும் திடீரெனக் கூட்டி, இரவில் எழ நேருமென்று நீரைக் குறைத்தார் எனக் கொள்வோம். நார்ச்சத்து நீரை ஈர்த்தே மலத்தை மென்மையாக்கும். நீர் குறைந்தால் மலம் இறுகி, வயிறு உப்பும். ஆகவே நார்ச்சத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நாளொன்றுக்கு 6 முதல் 8 குவளை நீர்மம் அருந்துக. பெரும்பகுதியை மாலைக்குள் அருந்துவது நன்று. இதய, சிறுநீரக நோயுள்ளோரும் விழுங்கச் சிரமப்படுவோரும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அவரே முழங்கால் வலிக்குக் கோடீனும், இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரையும் உட்கொண்டால் சிக்கல் மேலும் கடுமையாகும். சில சிறுநீர்ப்பை மருந்துகளும் அவ்வாறே. பிற நரம்பு நோயாளிகளுக்கும் இது பொருந்தும். எல்லா மருந்துகளையும் மருந்தாளரிடம் காட்டி மீளாய்வு கேளுங்கள். எதையும் தாமாக நிறுத்தலாகாது. நடுக்கவாத மருந்தைத் திடீரென நிறுத்துவது பேராபத்து.

வயிறு வீங்கி, வாந்தியெடுத்து, வாயுவும் பிரியாவிடில் உடனே 999ஐ அழையுங்கள்.