அடிப்படைச் சம்பளமும் அறைக் கணக்கும்

(பண்டமாரானில், ஊரிலிருந்து வந்து வேலை செய்யும் தொழிலாளர்களுக்காக நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நாங்கள் தோட்டத்துக்காரர்கள். பால்மரம் வெட்டுகிறவருக்கு மழை பெய்தால் வேலையில்லை. வேலையில்லாத நாளுக்குக் கூலி எப்படியாகும் என்பது எங்களுக்குப் பழகிப்போன கவலை. அதனால் தோட்டத்து வீட்டுக்காரி மழைக்காலத்தை மனத்தில் வைத்தே அரிசிப் பானையைத் திறப்பாள். இங்கே பண்டமாரான் கிடங்குகளிலும் கிள்ளான் கடைகளிலும் வேலைக்கு வந்திருக்கும் நீங்களோ, "எங்களுக்கு மாதச் சம்பளம், மழையாவது வெயிலாவது" என்கிறீர்கள். அங்கேதான் கணக்குத் தடம் புரளுகிறது. உங்கள் சம்பளத்தில் நிலையான பகுதி ஒன்று. மழையைப் போல் வந்து போகிற பகுதி மற்றொன்று. ஓவர்டைம்தான் அந்த மழை. இரண்டையும் ஒரே பையில் போட்டுச் செலவு செய்கிறவர் மூன்றாண்டு உழைத்தும் கடனோடு ஊர் திரும்புகிறார்.

முதலில் நிலையான பகுதியைப் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் ஐந்து பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ வைத்திருக்கும் முதலாளிகளுக்கும், அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் மற்றவர்களுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று சட்டம் வகுத்தது. சரக்குக் கிடங்கில் வேலை செய்யும் ஒரு தோழரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அவருடைய சம்பளச் சீட்டில் 1,700 வெள்ளி. 2025 அக்டோபர்ச் சம்பளத்திலிருந்து அந்நியத் தொழிலாளருக்கும் சேமநிதி வந்துவிட்டது. அதற்கு நூற்றுக்கு 2 வீதம் 34 வெள்ளி பிடிப்பார்கள், முதலாளியும் அவ்வளவு போடவேண்டும். சொக்சோவுக்கு ஏறத்தாழ 8 வெள்ளி. தங்கும் வீட்டுக்கு 100 வெள்ளி. மீதி கையில் வருவது 1,558 வெள்ளி.

இந்தச் சீட்டில் இரண்டு இடங்களில் கண் வைக்கவேண்டும். வீட்டுக்காகப் பிடிப்பதற்குத் தொழிலாளர் இலாகாவின் அனுமதி வேண்டும். முதலாளி தாமாக ஒரு தொகையைப் போட்டுக்கொள்ள முடியாது. அடுத்தது, அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி. 2018 முதல் அது முதலாளியின் பொறுப்பு. 'பெர்மிட் செலவு' என்ற பெயரில் மாதா மாதம் ஒரு தொகை குறைந்தால், எந்தக் கணக்கில் குறைந்தது என்று எழுத்தில் கேளுங்கள், சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி அறைக்கு வருவோம். நம் தோழரோடு அறையில் மொத்தம் நால்வர். ஆளுக்கு ஆள் கடையில் சாப்பிட்டால் ஒரு நாளைக்கு 22 வெள்ளி சர்வ சாதாரணமாய்ப் போகும். மாதத்தில் அது 660 வெள்ளி. கூட்டுச் சமையல் என்றால் நிலைமை வேறு. நால்வருக்கும் இருவேளைச் சோற்றுக்கு மாதம் 45 கிலோ அரிசி வேண்டும். கிலோ 3 வெள்ளி 60 காசு வீதம் 162 வெள்ளி. பருப்பு, எண்ணெய், வெங்காயம், மிளகாய், மசாலை, தேங்காய் எல்லாம் சேர்த்து 192. காய்கறி ஒரு நாளைக்கு 8 வெள்ளி வீதம் 240. கோழி, மீன், முட்டைக்கு 250. தேத்தூள், சீனி, பால்மாவுக்கு 80. சமையல் காஸ் ஒரு தோம்பு 27. கூட்டினால் 951 வெள்ளி. ஆளுக்கு 240 வெள்ளி பொதுப் பெட்டியில் போட்டால் மாதம் ஓடிவிடும். 9 வெள்ளி மிஞ்சவும் செய்யும். விலைகள் கடைக்குக் கடை மாறும்; கணக்கின் முறைதான் முக்கியம்.

கூட்டுச் சமையல் அடுப்பில் உடைவதில்லை, கணக்கில்தான் உடைகிறது. ஒருவருக்கு இரவு ஷிப்ட். அவர் ஒரு வேளை கிடங்கிலேயே சாப்பிடுகிறார். "நான் சாப்பிடாத சோற்றுக்கு நான் ஏன் 240 கொடுக்கவேண்டும்?" என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருப்பார். மூன்றாம் மாதம் தனி அடுப்பு வைப்பார். பிறகு நால்வருக்கும் செலவு ஏறும். இதற்கு மருந்து வேளைக் கணக்கு. சுவரில் ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் பேர் போடுவது போலத்தான். மாதக் கடைசியில் மூவருக்கு 60 கோடு, இரவு ஷிப்ட்காரருக்கு 44 கோடு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 224 வேளை. அந்த மாதம் செலவு 896 வெள்ளி. வகுத்தால் வேளைக்கு 4 வெள்ளி. மூவர் ஆளுக்கு 240, அவர் 176. ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. கடைச் சீட்டுகளை ஓர் ஆணியில் குத்தி வையுங்கள். பணப் பெட்டியை மாதம் ஒருவர் என்று முறை வைத்துப் பாருங்கள். வேளைக்கு 4 வெள்ளியாக இருந்தது திடீரென்று 5 ஆனால், விலை ஏறியிருக்கவேண்டும், அல்லது கோடு போடாமல் யாரோ சாப்பிடுகிறார். தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது டெலிபோன். வீட்டோடு பேசாமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். மாதம் 35 வெள்ளிக்கு முன்பணக் கட்டணம் போட்டால் இணையம் வழியாகப் பேசிக்கொள்ளலாம். முகம் பார்த்துப் பேசுவது, குரல் மட்டும் பேசுவதைப் போல் பல மடங்கு இணைய அளவைத் தின்னும். தினம் அரைமணி முகம் பார்த்துப் பேசுகிறவருக்கு இருபதாம் தேதிக்கே அளவு தீர்ந்து, இன்னொரு 10 வெள்ளிக்கு ஓடவேண்டிவரும். வாரம் ஒருநாள் முகம் பார்த்து, மற்ற நாளில் குரலில் பேசுங்கள். இங்கே மணி ஊரைவிட இரண்டரை மணி முன்னால் போகிறது. காலை ஏழுக்கு ஷிப்ட் முடிந்து நீங்கள் கூப்பிட்டால் அங்கே விடியற்காலை நாலரை, பதறிப்போய் எழுந்திருப்பார்கள்.

டெலிபோனில் 35 வெள்ளியைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு: வாக்குறுதி. "இந்த மாதம் ஓவர்டைம் நிறைய இருக்கிறது, ஐயாயிரம் ரூபாய் கூடுதலாக அனுப்புகிறேன்" என்று நாம் பெருமையாகச் சொல்லிவிடுகிறோம். ஊரில் அந்த ஐயாயிரத்துக்குச் சீட்டுப் போட்டுவிடுகிறார்கள். கப்பல் வரவில்லை, கிடங்கில் சரக்கு இல்லை, ஓவர்டைம் இல்லை. சீட்டுத் தவணைக்கு இங்கே நாம் கைமாற்று வாங்குகிறோம். ஆகவே கைக்கு வராத ஓவர்டைமை டெலிபோனில் சொல்லாதீர்கள். பணப்பேச்சைச் சம்பளம் கையில் வந்த பிறகு ஒரே ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பிரித்துப் பார்ப்போம். 1,558 வெள்ளியில் சமையலுக்கு 240, வெளியில் தேத்தண்ணீருக்கும் பலகாரத்துக்கும் 60, டெலிபோனுக்கு 35, சவர்க்காரம், துணி, பஸ், முடிவெட்டுக்கு 90, நோய்நொடிக்கும் நாள் தவறினால் ஏற்படும் குறைவுக்கும் கையிருப்பு 100. ஆக 525. மிச்சம் 1,033. இதில் 1,000 வெள்ளி வீட்டுக்கு. அந்தக் கையிருப்பைத் தொட்டுவிடாதீர்கள். 1,700ஐ 26 நாளால் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளி சொச்சம். சம்பளமில்லா விடுப்பு இரண்டு நாள் எடுத்தால் 130 வெள்ளி பறந்துவிடும். 33 வெள்ளி மிச்சம் அதைத் தாங்காது, கையிருப்புத்தான் தாங்கும்.

பணத்தை எங்கே அனுப்புவது? கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. 'கட்டணம் இல்லை' என்று ஒரு கடை பலகை வைத்திருக்கிறது. அது ஒரு வெள்ளிக்கு 19 ரூபாய் 90 காசு தருகிறது. அடுத்த கடை 12 வெள்ளி கட்டணம் எடுக்கிறது. ஆனால் 20 ரூபாய் 30 காசு தருகிறது. விகிதம் தினமும் மாறும். இவற்றை உதாரணத்துக்குச் சொல்கிறோம். முதல் கடையில் 1,000 வெள்ளி கொடுத்தால் ஊரில் 19,900 ரூபாய். இரண்டாம் கடையில் 12 போக 988 வெள்ளிக்கு 20,056 ரூபாய். கட்டணமில்லாத கடையில்தான் 156 ரூபாய் நட்டம்! அதனால் கட்டணம் எவ்வளவு, விகிதம் எவ்வளவு என்று தனித்தனியே கேட்கவேண்டாம். "என் கையில் மொத்தம் 1,000 வெள்ளி இருக்கிறது, ஊரில் எத்தனை ரூபாய் விழும்?" என்று மட்டும் கேளுங்கள். அதே கடையில் 500, 500 ஆக இரண்டு தடவை அனுப்பினால் கட்டணம் இரட்டிப்பாகி 19,812 ரூபாய்தான் போகும். மாதம் ஒரே தடவைதான் சிக்கனம்.

பேங்க் நெகாரா உரிமம் பெற்ற கடையா என்று பாருங்கள், ரசீது வாங்குங்கள். உண்டியல்காரர் இரண்டு காசு கூடுதலாகத் தருவார், ரசீது தரமாட்டார். பணம் போய்ச் சேராவிட்டால் கேட்க இடமில்லை. வேறெங்கோ மோசடி செய்த பணத்தை அவர் உங்கள் வீட்டுக் கணக்கில் போட்டுவிட்டால், கணக்கே முடக்கப்படும். உங்கள் தாயார் போலீசுக்கும் பாங்கிக்கும் அலையவேண்டிவரும்.

கடைசியாகக் கடன். நம் தோழர் ஏஜெண்டுக்குக் கொடுக்க 1,20,000 ரூபாய், இரண்டு வட்டிக்கு வாங்கினார். மாத வட்டி மட்டும் 2,400 ரூபாய். அனுப்பிய 20,056 ரூபாயில் வீட்டுச் செலவு 15,000 போக வட்டிக்கும் முதலுக்குமாக 5,056 ரூபாய் கிடைக்கிறது. இப்படியே கட்டினால் கடன் தீர 33 மாதம் ஆகும். இப்போது ஓவர்டைமைக் கொண்டுவருவோம். மணிக்கு 8 வெள்ளி 17 காசு அடிப்படை. ஒன்றரை மடங்கு 12 வெள்ளி 26 காசு. மாதம் 40 மணி செய்தால் 490 வெள்ளி. அதில் 90ஐத் தமக்கு வைத்துக்கொண்டு 400 வெள்ளியை, அந்த 1,000 வெள்ளியோடு ஒரே ரசீதில் அனுப்பினால் மேலும் 8,120 ரூபாய் கடனுக்குப் போகும். அப்போது பதினோராம் மாதம் கடன் தீர்ந்துவிடும். ஓவர்டைம் இல்லாத மாதம் வந்தாலும் வீட்டில் அடுப்பு அணையாது. கடன் தீருவது சற்றுத் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான். கடன் கொடுத்தவர் முதலைச் சிறு தவணையாக வாங்கிக்கொள்வாரா என்று முன்கூட்டிக் கேளுங்கள். கட்டிய ஒவ்வொரு தொகையையும் பத்திரத்தின் பின்புறத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.

உங்கள் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்தால் இதே கணக்கை உங்களோடு உட்கார்ந்து போட்டுத்தர நாங்கள் தயார். சீட்டே தராத முதலாளியாக இருந்தால் அந்தச் சங்கதியை முதலில் சொல்லுங்கள்; கணக்கை அங்கிருந்தே தொடங்குவோம்.