வெயில் காலத்துக்கு எந்த ஜீன்ஸ் துணி?

(காங்கேயத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், தையல் தொழில் செய்யும் குழு உறுப்பினர்களுக்காக ஆற்றிய உரை)



சுடிதார், நைட்டி தைத்துக் கொண்டிருந்த நம் குழுக்கள் சில இப்போது பெண் பிள்ளைகளுக்கு ஜீன்ஸ் பேண்ட்டும் தைக்கலாம் என்று தீர்மானம் போட்டிருக்கின்றன. துணி வாங்க உள்கடன் கேட்டிருக்கிறார்கள். கடன் வாங்கிய துணி விற்காமல் பீரோவில் கிடந்தால் வட்டி மட்டும் ஓடிக் கொண்டிருக்கும். அதனால் துணி எடுக்கும் முன்னால் என்ன பார்க்க வேண்டும் என்பதை மட்டும் இன்று பேசுவோம்.

யாருக்காகத் தைக்கிறோம்? பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு. வேனில் ஏறித் திருப்பூர் கம்பெனிக்குப் போய் எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் உட்காரும் பிள்ளைகளுக்கு. அவர்களைக் கேட்டால் என்ன சொல்கிறார்கள்? "போட்டா நல்லாத்தான் இருக்குதுங்க, மத்தியானத்துக்கு மேல தொடையெல்லாம் வெந்து போகுதுங்க அக்கா" என்கிறார்கள். சிலருக்கு வேர்வையில் தொடை உராய்ந்து புண்ணாகவே ஆகிவிடுகிறது. நம் பேண்ட் விற்பதும் விற்காததும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஜீன்ஸ் நம் ஊர் வெயிலுக்காகப் பிறந்த உடுப்பு அல்ல. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் லெவி ஸ்ட்ராஸ் என்ற துணி வியாபாரியும், ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் சேர்ந்து, பாக்கெட் ஓரத்தில் செம்பு ஆணி அடித்த பேண்ட்டுக்கு 1873-ல் உரிமை வாங்கினார்கள். சுரங்கத்திலும் பண்ணையிலும் பாடுபடுபவர்களுக்கான உடுப்பு அது. கிழியாமல் இருந்தால் போதும், காற்று வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதனால்தான் கனமாக நெய்தார்கள். அந்தக் கனத்தையே நாமும் வாங்கித் தைத்தால் சித்திரை வெயிலில் யார் போடுவார்கள்?

எடையை நாமே பார்க்கலாம்

ஜீன்ஸ் துணி வியாபாரி "இது 7 அவுன்ஸ், அது 12 அவுன்ஸ்" என்று சொல்வார். 36 அங்குலத்துக்கு 36 அங்குலம், அதாவது ஒரு சதுர கெஜம் துணியை நிறுத்தால் எத்தனை அவுன்ஸ் வருகிறதோ அதுதான் அந்தக் கணக்கு. ஒரு அவுன்ஸ் என்பது சுமார் 28 கிராம். 14 அவுன்ஸ் துணி என்றால் ஒரு சதுர கெஜமே ஏறக்குறைய 400 கிராம் இருக்கும். 7 அவுன்ஸ் என்றால் அதில் பாதி.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்த அக்காமார்களுக்கு அவுன்ஸ் பழக்கமிருக்காது, ஜி.எஸ்.எம். நன்றாகத் தெரியும். கம்பெனியில் வட்டமாக ஒரு கட்டர் வைத்துத் துணியை வெட்டித் தராசில் போடுவார்களே, அதே கணக்குத்தான். கட்டர் இல்லையென்றாலும் ஒன்றும் குறைவில்லை. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டுங்கள். நகைக்கடைத் தராசில் நிறுங்கள். வந்த கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். அதை 34-ஆல் வகுத்தால் அவுன்ஸ். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் வியாபாரி சொல்வது சரியா என்று கடையிலிருந்து திரும்பும் முன்பே தெரிந்துவிடும்.

ஒரு விஷயம் முக்கியம். துண்டு வெட்டும் முன்னால் துணியைத் துவைத்துக் காய வைத்து எடுங்கள். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், அது எடையைக் கூட்டிக் காட்டும். ஸ்ட்ரெட்ச் துணியோ தண்ணீர் பட்டதும் அகலத்தில் சுருங்கி நெருக்கமாகும். கடையில் 7 அவுன்ஸாக இருந்தது துவைத்த பின் 8-ஐத் தாண்டிவிடலாம். பிள்ளைகள் போடப் போவது துவைத்த துணியைத்தானே!

மூன்று துணி, மூன்று பேண்ட்

எங்கள் பயிற்சி வகுப்பில் மூன்று துணிகளை எடுத்து இப்படிப் பார்த்தோம்.

முதல் துணி முழுப் பருத்தி. துண்டு 3.9 கிராம் இருந்தது. 390-ஐ 34-ஆல் வகுத்தால் பதினொன்றரை அவுன்ஸ். இரண்டாவது, 98 பங்கு பருத்தி, 2 பங்கு ஸ்பான்டெக்ஸ். நாம் லைக்ரா என்று சொல்கிறோமே, அந்த இழுபடும் நூல்தான் ஸ்பான்டெக்ஸ். துண்டு 2.5 கிராம், அதாவது 7 அவுன்ஸுக்குச் சற்று மேல். மூன்றாவது 68 பங்கு பருத்தி, 30 பங்கு பாலியஸ்டர், 2 பங்கு ஸ்பான்டெக்ஸ். துண்டு 2.2 கிராம், ஆறரை அவுன்ஸ். மூன்றிலும் இதுதான் எடை குறைவு, விலையும் குறைவு.

மூன்றிலும் ஒரே அளவில் பேண்ட் தைத்து, ஒரே பிள்ளையை ஒவ்வொரு நாள் ஒவ்வொன்றாகப் போடச் சொன்னோம். முதல் பேண்ட் கனம் என்று உடனே சொல்லிவிட்டாள். மூன்றாவதுதான் லேசாகத் தெரியும் என்று எல்லோரும் நினைத்தோம். காலையில் அப்படித்தான் சொன்னாள். மத்தியானம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்ததும், "இதுதானுங்க ரொம்ப ஒட்டுது, பிளாஸ்டிக் சுத்துன மாதிரி இருக்குது" என்றாள். நாள் முழுக்க லேசாக இருந்தது இரண்டாவது பேண்ட்தான்.

காரணம் என்ன? கையில் தூக்கும்போது தெரியும் கனம் வேறு, உடம்பில் தெரியும் கனம் வேறு. பருத்தி ஈரத்தை உள்வாங்கும். சாதாரணமாகக் காற்றிலிருந்தே தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். பாலியஸ்டர் நூல் அரை சதவீதம்கூட இழுக்காது. வேர்வை வந்ததும் அது தோலுக்கும் துணிக்கும் நடுவில் நிற்கிறது, துணி காலோடு ஒட்டிக் கொள்கிறது. விளையாட்டுப் பனியனில் பாலியஸ்டர் சீக்கிரம் காய்கிறதே என்று கேட்கலாம். அது காற்றுப் போக இடம்விட்டுப் பின்னிய துணி. ஜீன்ஸ் நெருக்கமாக நெய்து, காலைப் பிடித்தாற்போல் தைப்பது. இரண்டும் ஒன்றல்ல.

நம் காங்கேயம் பக்கம் வறண்ட பூமி. கடற்கரை ஊர் மாதிரிப் பிசுபிசுப்பு இங்கே குறைவு, ஆடி மாதம் கேட்கவே வேண்டாம், காற்று ஆளைத் தூக்கும். துணி வழியாகக் காற்றுப் போனால் வேர்வை தானாகக் காய்ந்துவிடும். அதனால் கடையில் துணியை வாயோடு சேர்த்துப் பிடித்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் கையில் காற்றுப் பட வேண்டும். எடை ஒன்றாக இருந்தால், நன்றாகக் காற்றுப் போகும் துணியை எடுங்கள்.

இழுபடும் நூல் எவ்வளவு வேண்டும்?

ஜீன்ஸ் துணியில் பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. ஸ்பான்டெக்ஸ் பெரும்பாலும் ஊடையில்தான் இருக்கும், அதனால் துணி அகலத்தில் இழுபடும். ஒரு வெள்ளை நூலை உருவி முறுக்கைப் பிரித்தால், பஞ்சுக்கு நடுவில் ரப்பர் மாதிரி நீளும் மெல்லிய இழை தெரியும். மிச்சமுள்ள நூலை நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசத்தோடு சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி நுனியில் கெட்டியாக மணி போல் நிற்கும். லேபிள் இல்லாத துணிக்கு இதுதான் லேபிள்.

1 முதல் 2 சதவீதம் ஸ்பான்டெக்ஸ் இருந்தால் உட்கார, எழுந்திருக்கச் சுகம். அந்த அளவு நூலால் சூடு கூடுவதில்லை. இழுபடுகிறதே என்று உடம்போடு ஒட்டத் தைப்பதால்தான் கூடுகிறது. ஸ்ட்ரெட்ச் துணியிலும் தொடையில் ஒரு அங்குலமாவது தளர்வு விடுங்கள், காற்று ஓடும்.

இழுபட்ட துணி திரும்பி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். அகலவாக்கில் பேனாவால் 10 சென்டிமீட்டருக்கு இரண்டு புள்ளி வையுங்கள். நன்றாக இழுத்து அரை நிமிடம் பிடித்து விடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து அளந்தால் 2, 3 மில்லிமீட்டர் கூடியிருந்தால் பரவாயில்லை. அரை சென்டிமீட்டர் நீண்டே நின்றால் அந்தப் பேண்ட்டின் முட்டி ஒரே வாரத்தில் தொங்கிப் போகும், பிள்ளை திருப்பிக் கொண்டு வந்துவிடுவாள். குளோரின் பிளீச்சும், கொதிக்கும் இஸ்திரியும் ஸ்பான்டெக்ஸைக் கெடுக்கும் என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

லேசுக்கும் ஒரு எல்லை உண்டு

லேசு நல்லது என்று 4, 5 அவுன்ஸ் துணியில் பேண்ட் தைக்காதீர்கள். அது சட்டைக்குச் சரி. பேண்ட் தைத்தால் உட்காரும்போது பின்பக்கத் தையலில் நூல் விலகும். துணி கிழியாது, தையலை ஒட்டி ஜன்னல் மாதிரி இடைவெளி தெரியும். நம் ஊருக்கு ஆறரை முதல் 8 அவுன்ஸ் போதும். இரு சக்கர வண்டி ஓட்டுபவர்கள், காட்டு வேலைக்குப் போகிறவர்கள் கேட்டால் 9, 10 வரை போகலாம். லேசான துணிக்கு 14-ஆம் நம்பர் ஊசி போடுங்கள், தையலுக்கு விடும் ஓரத்தைக் கொஞ்சம் கூட்டி விடுங்கள். தடித்த ஊசி ஸ்பான்டெக்ஸ் இழையை அறுத்துவிடும். வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காய வைப்பதை மட்டும் எந்த அவசரத்திலும் விடக் கூடாது.

பனியன் மெஷினில் பின்னிய ஜீன்ஸ் துணியும் திருப்பூரில் கிடைக்கிறது. நீலச் சாயம் போட்ட நூலை வட்ட மெஷினில் பின்னுவது. பார்க்க ஜீன்ஸ், போட்டால் பனியன். மெத்தென்று லேசாக இருக்கும். உள்பக்கம் வளையம் வளையமாக இருப்பதை எடுங்கள், பஞ்சு கிளப்பி விட்டது குளிர் தேசத்துக்கானது. இதற்கு ஓவர்லாக் மெஷின் வேண்டும், முட்டியும் சீக்கிரம் தொங்கும். சின்னப் பிள்ளைகள் உடுப்புக்கு எடுக்கலாம், கல்லூரிப் பிள்ளைகள் பேண்ட்டுக்கு நெய்த துணியே நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தையல் குழுவும் தாங்கள் பார்த்த துணியில் கால் மீட்டர் வாங்கித் துவைத்துக் கொண்டு வாருங்கள். தராசு நாங்கள் வைத்திருக்கிறோம். நிறுத்து, ஊதி, இழுத்து, எரித்துப் பார்த்து, துண்டை நோட்டில் ஒட்டி எடையைப் பக்கத்தில் எழுதுவோம். அந்த நோட்டைப் பார்த்த பிறகு உள்கடன் தீர்மானத்தில் கையெழுத்துப் போடலாம்.