கல் ஏன் திரும்பி வருகிறது? ஒரு 24 மணி நேர சிறுநீர் ரிப்போர்ட்டைப் படிப்போம்

(நமது குடியிருப்பின் சமூகக் கூடத்தில் ஞாயிறு மாலை நடந்த உடல்நலச் சந்திப்பில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வு பெற்ற சிறுநீரக மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

போன மாதம் லிஃப்டில் ஒருவர் என்னிடம், "சார், மூணாவது தடவையா கல் வந்திருக்கு. பாலை நிறுத்தி நாலு வருஷம் ஆச்சு, அப்புறமும் ஏன் வருது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்லப் போகிறேன். இதே கேள்வியோடு என்னிடம் வந்த ஒரு நண்பரின் ரிப்போர்ட்டை அவர் அனுமதியோடு கொண்டு வந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். வயது 48, எடை 72 கிலோ, நாள் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்து செய்யும் வேலை. ஐந்து வருடத்தில் மூன்று கல். வெளியே வந்த ஒரு கல்லைப் பரிசோதித்ததில் அது கால்சியம் ஆக்சலேட் என்று தெரிந்தது.

அவர் ஏற்கனவே ஒரு முறை 24 மணி நேர சிறுநீர்ப் பரிசோதனை செய்திருந்தார். அளவு 850 மில்லி, கால்சியம் 170 மில்லிகிராம், ஆக்சலேட் 34. எல்லாம் நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனிதர் நிம்மதியாக இருந்தார், அடுத்த வருடமே மூன்றாவது கல் வந்தது.

நான் அந்த ரிப்போர்ட்டில் முதலில் பார்த்தது கால்சியத்தை அல்ல, கிரியாட்டினினை. இது தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் பொருள். ஆண்களுக்கு ஒரு கிலோ எடைக்கு சுமார் 20 மில்லிகிராம், பெண்களுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. வயதானவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் இன்னும் குறையும். 72 கிலோ ஆணுக்கு 1400 பக்கம் வர வேண்டும். இவருக்கு வந்திருந்தது 900. "பாட்டிலை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். காலையிலும் இரவிலும் வீட்டில் பிடித்திருக்கிறார், நடுவில் அலுவலகத்தில் போனது அப்படியே போய்விட்டது. பாதி நாள் சிறுநீரை வைத்து முழு நாள் கணக்கு போட்டால் எல்லாமே நார்மலாகத்தான் தெரியும்.

எனவே பிடிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கும் நாளாகப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து போகும் முதல் சிறுநீரைப் பிடிக்க வேண்டாம், டாய்லெட்டிலேயே போய்விடுங்கள். அதற்குப் பிறகு பகலும் இரவும் போவது ஒரு சொட்டு விடாமல் பாட்டிலுக்குள் போக வேண்டும், மறுநாள் காலை ஆறு மணிக்குப் போவது உட்பட. சில லேப்களில் கால்சியமும் ஆக்சலேட்டும் கரைந்தே இருப்பதற்காக பாட்டிலில் கொஞ்சம் அமிலம் ஊற்றித் தருவார்கள். அந்த பாட்டிலில் நேரடியாகப் போகக் கூடாது. ஒரு மக்கில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இன்னொன்று, அன்றைக்கு மட்டும் நல்ல பிள்ளையாகி மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்காதீர்கள். வழக்கமாக எப்படிச் சாப்பிடுவீர்களோ அப்படியே சாப்பிடுங்கள். கல் வலியோடு இருக்கும்போதும், சிறுநீர்த் தொற்று இருக்கும்போதும், கல் எடுத்த சில வாரங்களுக்குள்ளும் இந்தப் பரிசோதனை வேண்டாம். ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் எண்கள் மாறும் என்பதால் இரண்டு நாள் பிடித்தால் இன்னும் நல்லது.

நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காகப் பிடித்துக் கொடுத்தார். கிரியாட்டினின் 1500, இந்த முறை நம்பலாம். அளவு 1.4 லிட்டர். கால்சியம் 285. ஆக்சலேட் 56. சிட்ரேட் 220. சோடியம் 210 மில்லிமோல். முதல் பரிசோதனையில் சிட்ரேட்டையும் சோடியத்தையும் பார்க்கவே இல்லை.

கால்சியத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்களுக்கு 250, பெண்களுக்கு 200 என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை. இவருக்கு 285. இதைப் பார்த்ததும் பாலை நிறுத்து என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் இவர் நான்கு வருடமாகப் பால், தயிர், மோர் எதையும் தொடவில்லையே! பிறகு இந்தக் கால்சியம் எங்கிருந்து வருகிறது? சிலருக்குக் குடல் கூடுதலாக உறிஞ்சும், சிலருக்கு சிறுநீரகம் கசிய விடும், எலும்பிலிருந்தும் வரும். கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தாலும் இப்படி ஆகும். அதனால் சிறுநீரில் கால்சியம் அதிகம் என்றால் ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்காமல் விடக் கூடாது. இவருக்கு இரண்டும் சரியாக இருந்தன.

அடுத்தது உப்பு. சிறுநீரகம் சோடியத்தை வெளியே தள்ளும்போது கால்சியமும் கூடவே போகிறது. சோடியம் 100 மில்லிமோல் கூடினால் கால்சியம் ஏறக்குறைய 40 மில்லிகிராம் கூடும் என்பது ஒரு தோராயக் கணக்கு. 210 மில்லிமோல் என்றால் நாளுக்குப் பன்னிரண்டு கிராம் உப்பு. "நான் உப்பே கம்மி சார்" என்றார். சாப்பாட்டில் கம்மிதான். தயிரை விட்டதால் சாதத்துக்கு ஊறுகாயும் அப்பளமும், மாலையில் மிக்சர். ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை.

இப்போது ஆக்சலேட். நாற்பதுக்குள் இருக்க வேண்டியது 56. என்னைக் கேட்டால் இவர் கதையின் மையம் இதுதான். நாம் சாப்பிடும் ஆக்சலேட், குடலில் கால்சியத்தைச் சந்தித்தால் அதோடு ஒட்டிக்கொண்டு மலத்தில் போய்விடும். கால்சியம் இல்லாவிட்டால் தனியாக உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போய், சிறுநீரகம் வழியாக வெளியேறும். குடலில் சேர வேண்டிய ஜோடியை நாம் சிறுநீரில் சேர வைக்கிறோம். இவர் பாலை நிறுத்தியது போதாதென்று, உடம்புக்கு நல்லது என்று தினமும் ஒரு கைப்பிடி பாதாம், வாரம் நாலு நாள் பாலக்கீரை அல்லது தண்டுக்கீரை, கொரோனா காலத்தில் ஆரம்பித்த 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை. பாதாமிலும் இந்தக் கீரைகளிலும் ஆக்சலேட் அதிகம். வைட்டமின் சி-யில் ஒரு பகுதி உடம்புக்குள்ளேயே ஆக்சலேட்டாக மாறுகிறது. பாவம், எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்தது. தக்காளி விதையைத் தேடித் தேடி எடுத்துப் போட்டாராம். தக்காளியில் ஆக்சலேட் குறைவு, அந்த உழைப்பு வீண்.

பாலை நிறுத்துவது தவறு என்பது என் சொந்தக் கருத்து அல்ல. இத்தாலியில் பார்மா நகரத்தில் போர்கி என்ற மருத்துவர் குழு, கல் திரும்பத் திரும்ப வந்த, சிறுநீரில் கால்சியம் அதிகமான 120 ஆண்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குக் கால்சியம் குறைந்த உணவு. மறு பாதிக்கு வழக்கமான அளவு கால்சியம், ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. ஐந்து வருடத்தில் முதல் குழுவில் 23 பேருக்கு மறுபடி கல், இரண்டாவதில் 12 பேருக்கு. 2002-ல் வெளியான ஆய்வு இது.

ஒரு எச்சரிக்கை. ஆக்சலேட் 80-க்கு மேல் போனால் கீரையை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. எடை குறைக்கச் செய்யும் பைபாஸ் அறுவை, குடல் நோய்கள், அரிதாகப் பரம்பரையாக வரும் கல்லீரல் என்சைம் குறைபாடு ஆகியவற்றைத் தேட வேண்டும்.

மூன்றாவது சிட்ரேட். மற்ற இரண்டும் குறைய வேண்டும், இது மட்டும் கூட இருக்க வேண்டும். சிட்ரேட் கால்சியத்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும், ஆக்சலேட்டிடம் போக விடாது. படிகம் வளர்வதையும் தடுக்கும். 320-க்குக் கீழே போனால் குறைவு என்கிறோம். இவருக்கு 220. உடம்பில் அமிலச் சுமை கூடினால் சிறுநீரகம் சிட்ரேட்டைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதனால் தினமும் சிக்கன், மட்டன் சாப்பிடுபவர்களுக்கும், காய் பழம் சாப்பிடாதவர்களுக்கும், ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தவர்களுக்கும், நீண்ட நாள் வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்கும் இது குறையும். ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் தரும் டோபிரமேட் என்ற மாத்திரையும் குறைக்கும். மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்ட மறக்காதீர்கள்.

நண்பர் செய்தது இதுதான். மதியம் கப் தயிர், காலை டிபனோடு பால். வைட்டமின் சி-யும் பாதாமும் நிறுத்தம். கீரை வாரம் ஒரு நாள், அதுவும் தயிரோடு சேர்த்து. ஊறுகாய், அப்பளம், மிக்சர் மூன்றுக்கும் விடை. அசைவம் வாரம் இரண்டு நாள். ரத்தத்தில் பொட்டாசியமும் சிறுநீரகச் செயல்பாடும் பார்த்த பிறகு பொட்டாசியம் சிட்ரேட் மருந்து எழுதப்பட்டது. இதைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். உப்பில்லாத எலுமிச்சைச் சாறு நல்லதுதான், ஆனால் 220-ஐ அது மட்டுமே தூக்கி நிறுத்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

மூன்று மாதம் கழித்து மறுபடி பாட்டில். அளவு 2.5 லிட்டர், கால்சியம் 240, ஆக்சலேட் 36, சிட்ரேட் 480, சோடியம் 120. கால்சியம் 45 மட்டும்தானே குறைந்திருக்கிறது என்று அவர் முகம் வாடியது. தாளில் ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். கல் உருவாவது மொத்த அளவால் அல்ல, எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதால். முன்பு ஒரு லிட்டரில் கால்சியம் 204, ஆக்சலேட் 40. இப்போது 96, 14. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், பழையதில் ஆறில் ஒரு பங்குதான் வருகிறது. சில லேப்கள் இதைவிட நுணுக்கமாகக் கணக்கிட்டுக் கொடுப்பார்கள். நமக்கு இந்தப் பெருக்கலே போதும்.

இங்கே ஒருவர் போர்வெல் தண்ணீர் பற்றிக் கேட்டீர்கள். கடினத்தன்மை 300 என்று டெஸ்டில் வந்தால், அது முழுக்கக் கால்சியம் என்றே வைத்தாலும் லிட்டருக்கு 120 மில்லிகிராம். சாப்பாட்டோடு குடித்தால் அதுவும் ஆக்சலேட்டைப் பிடிக்கும். ஆர்.ஓ. வேண்டுமா என்பதை ருசிக்காக முடிவு செய்யுங்கள், கல்லுக்குப் பயந்து வேண்டாம். வாழைத்தண்டு சாறும் குடிக்கலாம், அதில் உள்ள தண்ணீர் நிச்சயம் வேலை செய்யும்.

இந்தப் பரிசோதனை கல் இருக்கிறதா என்று சொல்லாது, அதற்கு ஸ்கேன்தான். ஏற்கனவே உள்ள கால்சியம் ஆக்சலேட் கல்லை இதில் எதுவும் கரைக்காது. நண்பரின் இடது சிறுநீரகத்தில் நாலு மில்லிமீட்டர் கல் ஒன்று அப்படியே இருக்கிறது. இரண்டு வருடமாகப் பெரிதாகவில்லை, புதிதாக எதுவும் வரவில்லை.

போன மே மாதம் மறுபடி பிடித்தபோது எண்கள் எல்லாம் சரி, அளவு மட்டும் 1.6 லிட்டருக்கு இறங்கியிருந்தது. "அதே அளவு தண்ணீர்தான் சார் குடிக்கிறேன்" என்றார். உண்மைதான். கத்திரி வெயிலில் மாலை வாக்கிங், மீதி தண்ணீர் வியர்வையில் போய்விட்டது. இப்போது அவர் குடிக்கும் தண்ணீரை எண்ணுவதில்லை. மாதம் ஒரு ஞாயிறு, ஒரு பழைய பாட்டிலில் கோடு போட்டு, வெளியேறுவதை அளக்கிறார்.