சியான் பள்ளிவாசலின் மரக்கூரைகள்

இன்று சீனாவின் சியான் நகரத்துக்குப் போவோம். ஊரின் நடுவிலுள்ள முரசுக் கோபுரத்தைக் கடந்தால் முஸ்லிம்கள் வாழும் பழைய தெருக்கள். ஆட்டிறைச்சி சுடும் புகைக்கு நடுவே ஒரு சந்துக்குள் திரும்பினால் பெரிய பள்ளிவாசலின் மதில் வரும். குவிமாடத்தைத் தேடாதீர்கள், உயர்ந்த மினாராவும் இல்லை. மதிலுக்கு மேலே தெரிவதெல்லாம் நீல ஓடு வேய்ந்த, முனைகள் மேல்நோக்கி வளைந்த சீனக் கூரைகள்தாம்.

இன்றைய வளாகம் 1392-இல், மிங் அரச வம்சத்தின் காலத்தில் உருவானது. பிறகு பலமுறை புதுப்பித்திருக்கிறார்கள். சீனத்தில் அரண்மனையும் கோயிலும் தெற்கு நோக்கி அமைவது வழக்கம். ஆனால் சியானிலிருந்து மக்கா மேற்கே இருக்கிறது. எனவே சீன வளாகத்தின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் முகத்தை மட்டும் கிழக்குக்குத் திருப்பிவிட்டார்கள். நீளம் ஏறத்தாழ 250 மீட்டர், அகலம் 50 மீட்டர்தான். உள்ளே நடப்பவர் கிழக்கிலிருந்து மேற்காக, கிப்லாவை நோக்கியே நடக்கிறார்.

அரபு நாடுகளின் பழைய பள்ளிவாசல்களில் பெரும்பாலும் ஒரே பெரிய முற்றம் இருக்கும், சுற்றிலும் தூண் தாழ்வாரம் ஓடும். இங்கே அந்த ஒரு முற்றம் பல முற்றங்களாகப் பிரிந்து வரிசையாக நிற்கிறது. முதல் முற்றத்தில் மரத்தால் செய்த உயரமான அலங்கார வளைவு. அடுத்ததில் மூன்று வாசல் கொண்ட கல் தோரணமும் எழுத்துப் பொறித்த கல் பலகைகளும். ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் கடைத்தெருவின் ஓசை குறைகிறது. மரங்களும் நிழலும் கூடுகின்றன.

மூன்றாவது முற்றத்தின் நடுவில் எண்கோண மாடம் ஒன்று, மூன்றடுக்குக் கூரையுடன். சிங்சின் மாடம் என்கிறார்கள். மினாராவின் இடத்தில் நிற்பது இதுதான். தென்கடற்கரையில் குவாங்சோ நகரின் பழைய பள்ளிவாசலில் ஏறத்தாழ 36 மீட்டர் உயரத்தில் வழுவழுப்பான உருளைக் கோபுரம் நிற்கிறது. குவாங்சோ கடல்வழி வந்த வணிகர்களின் ஊர், வெளிநாட்டு உருவத்தை அப்படியே எழுப்பினார்கள். சியானில் தொழுதவர்களோ தலைமுறைகளாக சீன மொழி பேசி, சீனத் தச்சர்களைக் கொண்டு கட்டியவர்கள். அவர்கள் கையில் கோபுரம் தோட்ட மாடமாக மாறியதில் எனக்கு வியப்பில்லை.

இனித் தொழுகைக் கூடம். கட்டியவர்களின் உண்மையான திறமை இங்கேதான். சீன மரக் கட்டடம் பக்கவாட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் நீளும், தூண்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். முன்னிருந்து பின்னாக ஆழப்படுத்துவதுதான் கடினம். ஆழம் கூடினால் உத்தரம் நீள வேண்டும், கூரையும் உயர்ந்துகொண்டே போகும். ஆனால் இந்த மனையோ குறுகலானது. ஏறத்தாழ ஆயிரம் பேர் தொழ வேண்டுமென்றால் ஆழத்தில்தான் இடம் தேட வேண்டும்.

தச்சர்கள் ஒரே பெரிய கூரை போடவில்லை. இரண்டு கூரைகளை முன்னும் பின்னுமாக ஒட்டி வைத்தார்கள். உள்ளே நடுச்சுவர் கிடையாது, தூண்கள் மட்டுமே. கீழே நிற்பவருக்கு ஒரே கூடம், வெளியே பார்ப்பவருக்கு இரண்டு கூரை. இதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு சரிவுகளும் சேரும் பள்ளத்தில் மழைநீரும் பனியும் இலைச்சருகும் தேங்கும். அந்தப் பள்ளம் அடைத்துக்கொண்டால் தண்ணீர் மரத்துக்குள் இறங்கும். உட்கூரை ஓவியத்தில் கறை படிவதுதான் முதல் அறிகுறி. அது தெரியும்போது மேலே உத்தரம் ஏற்கெனவே ஊறியிருக்கும். இத்தகைய கூரையை இடைவிடாமல் பராமரித்தே ஆக வேண்டும்.

கூடத்தின் மேற்குக் கோடியில் சிறிய அறை ஒன்று பின்னால் நீண்டு நிற்கிறது. அதற்குத் தனிக் கூரை. மிஹ்ராப் அங்கேதான். ஹாங்சோவின் பழைய பள்ளிவாசலில் இந்த இடத்துக்குச் செங்கல் குவிமாடம் உண்டு, இங்கே முழுவதும் மரம். கொடியும் பூவும் அரபு எழுத்துகளும் செதுக்கி வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். சீனக் கோயிலில் சிலை வைக்கும் ஆழமான இடம் இது. இங்கே வெறும் மாடக்குழி மட்டும், உருவமே இல்லை. நம் கீழக்கரையின் பழைய பள்ளிவாசலிலும் கோயில் மண்டபத்துக் கல்தூண்கள் உருவங்கள் இல்லாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முஸ்லிம் அல்லாதவர்கள் தொழுகைக் கூடத்துக்குள் நுழைய முடியாது, வாசலில் நின்று பார்க்கலாம். தொழுகை நேரத்தைத் தவிர்த்துச் செல்லுங்கள். அடுத்துக் கூடத்தின் பக்கவாட்டுக்குப் போய் அண்ணாந்து பாருங்கள், கூரைகள் ஒட்டும் இடம் அங்கிருந்துதான் தெரியும்.