கடையின் பெயரில் வந்த மறுமொழி



முன்னாளில் என்னிடம் கணக்குப் பாடம் பயின்ற ஒருவர் இன்று எங்கள் ஊரில் சேலைக்கடை நடத்தி வருகிறார். ஃபேஸ்புக்கிலும் அவர் கடைக்கு ஒரு பக்கம் உண்டு. சென்ற ஆண்டு ஆடித் தள்ளுபடியை அறிவித்து அதில் ஒரு பதிவு வெளியிட்டார். அதன் கீழே ஓர் அம்மையார், தமக்கு வந்த சேலையில் கறை இருப்பதாகவும், கொடுத்த விலையான 3,200 ரூபாயைத் திருப்பித் தர இயலுமா என்றும் கேட்டு எழுதினார். பத்து நிமிடத்திற்குள் மறுமொழி வந்துவிட்டது. "வருந்துகிறோம் அம்மா. எங்கள் உதவிப் பிரிவை இந்த இணைப்பில் தொடர்பு கொள்ளுங்கள்" என்று அதில் கண்டிருந்தது. எழுதியவரின் பெயர் கடையின் பெயரே. படமும் கடையின் முத்திரையே.

அம்மையார் இணைப்பைத் தொட்டார். வாட்ஸ்அப்பில் ஒருவன் மிகவும் பணிவாகப் பேசினான். கியூஆர் சதுரம் ஒன்றை அனுப்பி, அதைத் திறந்து யுபிஐ ரகசிய எண்ணை இட்டால் பணம் வந்து சேரும் என்றான். இட்டார், 3,200 ரூபாய் போயிற்று. "பிழை நேர்ந்துவிட்டது, இன்னொரு முறை இடுங்கள், இரண்டும் சேர்ந்து வரும்" என்றான். மீண்டும் 3,200 போயிற்று. பணம் கொடுப்பதற்குத்தான் அந்த ரகசிய எண் வேண்டும். பெறுவதற்கு ஒருபோதும் வேண்டியதில்லை. இஃது அந்த அம்மையாருக்குத் தெரியாததன்று. கடைக்காரரிடமே பேசுகிறோம் என்ற நம்பிக்கை அறிந்ததையும் மறக்கச் செய்துவிட்டது.

அந்த மறுமொழியைக் கடைக்காரர் எழுதவே இல்லை. முறையீடு எங்கே எழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த கள்வன் எழுதியது அது. கோபத்திலும் அவசரத்திலும் இருப்பவர் யார் என்பதை அந்த முறையீடே அவனுக்குக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இப்பொய்யை எவ்வாறு கண்டுகொள்வது? பெயரையும் படத்தையும் நம்பலாகாது. அவற்றை எவரும் படியெடுத்துக் கொள்ளலாம். ஒரே பெயரில் பலர் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் உரிய முகவரிச்சொல் ஒருவருக்கே உரியது. ஆகையால் கள்வன் அதில் ஓர் எழுத்தைக் கூட்டுவான், அல்லது ஈற்றில் `_help`, `care24` என்பன போன்ற வால் ஒன்றைச் சேர்ப்பான். நீல அடையாளம் இருந்தாலும் முகவரிச்சொல்லைப் பார்த்தே ஆக வேண்டும். ட்விட்டரில் அவ்வடையாளத்தைக் கட்டணம் செலுத்திப் பெறலாம் என்று 2022 நவம்பரில் ஆனவுடன், எலை லில்லி என்னும் அமெரிக்க மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒருவர் அதைப் பெற்று, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்துவிட்டார். உண்மையான நிறுவனம் மன்னிப்புக் கேட்டு மறுக்க நேர்ந்தது.

ஃபேஸ்புக்கில் இன்னும் எளிய குறி ஒன்று உண்டு. பதிவை இட்ட பக்கமே அதன் கீழ் மறுமொழி எழுதினால், பெயருக்கு அருகே `Author` என்ற சொல் தோன்றும். அம்மையாருக்கு வந்த மறுமொழியில் அச்சொல் இல்லை. அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தபோது, சில நாட்களுக்கு முன் இட்ட முத்திரைப் படம் ஒன்றைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை.

இணைப்பையும் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அஞ்சல் முகவரியில் ஊர்ப் பெயர் கடைசியில் வருவதுபோல, இணைய முகவரியிலும் உரிமையாளர் பெயர் கடைசியில்தான் இருக்கிறது. உதாரணத்திற்காக நானே புனைந்த ஒன்றைப் பாருங்கள்:

```
https://facebook.com.page-appeal.example/login
```

இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரைக்கும் எடுத்துக்கொண்டு, அதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். கடைசி இரண்டு துண்டுகள் `page-appeal.example`. அதுவே வீட்டுக்காரன். முன்னால் நிற்கும் `facebook.com` வாசலில் மாட்டிய வெறும் பலகை. முகவரி `co.in` போன்ற இரட்டைத் துண்டில் முடிந்தால் மூன்று துண்டுகளைப் பார்க்க வேண்டும். முகவரியைச் சுருக்கித் தரும் குட்டி இணைப்புகளில் இந்தச் சோதனை பலிக்காது. அவற்றைத் தொடாதிருப்பதே வழி.

இனி, நீக்கும் முறைக்கு வருகிறேன். என் மாணவர் இழைத்த பிழையும் இங்கேதான். செய்தி தெரிந்தவுடன் ஆத்திரம் கொண்டு அந்த மறுமொழியை அழித்துவிட்டார். மாலையில் என்னிடம் வந்து, "சார், அழித்துவிட்டேன்" என்றார். "அந்தக் கணக்கின் முகவரியை எழுதி வைத்தாயா?" என்று கேட்டேன். இல்லை. அதன் படமாவது உண்டா? அதுவும் இல்லை. அம்மையார் காவல்துறைக்குக் கொடுக்க வேண்டிய சான்று மறுமொழியுடனே போய்விட்டது. நல்லவேளையாக வாட்ஸ்அப் உரையாடலும் பண அனுப்பீட்டு எண்களும் அவர் கைபேசியில் இருந்தன. அன்றிரவே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குப் பேசி, cybercrime.gov.in தளத்திலும் பதிவு செய்தார். விரைந்து சொன்னதால், இரண்டாம் முறை சென்ற 3,200 ரூபாய் வேறு கணக்குக்கு மாறுமுன் நிறுத்தப்பட்டது. முதல் தொகை கிட்டவில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. இரண்டு நாள் கழித்துக் கடைக்காரருக்கே ஒரு செய்தி வந்தது. "உங்கள் பக்கம் விதியை மீறியுள்ளது, 24 மணி நேரத்தில் முடக்கப்படும், மேல்முறையீட்டுக்கு இங்கே செல்க" என்றிருந்தது அதில். அனுப்பியவர் பெயர் பக்க உதவிக் குழு என்பதுபோல் இருந்தது. வாடிக்கையாளரைப் பிடித்த அதே தூண்டில்தான் இது; இம்முறை கடைக்காரருக்கு. அந்த இணைப்பில் கடவுச்சொல்லை இட்டிருந்தால் பக்கமே கள்வன் கைக்குப் போயிருக்கும். அதன்பின் `Author` என்ற குறியுடனே அவன் மறுமொழி எழுதியிருப்பான்! மெய்யான அறிவிப்பாயின், நாமாகவே ஃபேஸ்புக்கைத் திறந்து `Support Inbox` பகுதிக்குப் போனால் அங்கே இருக்கும். அவர் போய்ப் பார்த்தார், ஒன்றும் இல்லை.

தீபாவளிப் பதிவின் கீழே மீண்டும் ஒரு வேடதாரி வந்தான். இம்முறை அவர் முறைப்படி செய்தார். முதலில், மறுமொழியும் அதன் நேரமும் தெரியத் திரையைப் படம் பிடித்துக்கொண்டார். பிறகு பெயரைத் தொட்டு, அந்தக் கணக்கின் பக்கத்திற்குச் சென்று அதன் முகவரியைப் படியெடுத்தார். ஃபேஸ்புக்குக்குள் ஒரு கணக்கைப் பார்ப்பதால் தீங்கில்லை. மறுமொழியிலுள்ள வெளி இணைப்பைத் தொடுவதுதான் தீங்கு. மூன்றாவதாக, ஆள்மாறாட்டம் என்று காரணம் காட்டிப் புகார் செய்தார். அதன்பின் மறுமொழியை அழிக்காமல் மறைத்தார். மறைத்தால் எழுதியவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் மட்டும் அது தெரியும், பிறருக்குத் தெரியாது. தான் பிடிபட்டதை உணராத கள்வன் உடனே வேறு பெயரில் வரமாட்டான். கடைசியாகத்தான் அந்தக் கணக்கைப் பக்கத்திலிருந்து தடை செய்தார். தடையை முதலிலேயே செய்திருந்தால், புகாருக்கு வேண்டிய முகவரியைத் தேடி அலைந்திருப்பார்.

இணைப்புள்ள மறுமொழிகளைத் தானாகவே மறைக்கும் ஏற்பாடு ஒன்றும் பக்கங்களுக்கு உண்டு. `Moderation Assist` என்பது அதன் பெயர். அவர் அதையும் இயக்கியிருக்கிறார். நல்ல வாடிக்கையாளர் தாம் வாங்கிய சேலையின் இணைப்பை இட்டாலும் அது மறைத்துவிடுவதால், நாள்தோறும் ஒருமுறை மறைந்தவற்றைப் பார்க்கிறார். கள்வன் இணைப்பை விட்டுத் தொலைபேசி எண்ணை எழுத்தால் எழுதினால் அது பிடிப்பதில்லை.

மறைத்துவிட்டால் போதுமா என்று நீங்கள் கேட்கக்கூடும். மறுமொழி வந்த செய்தி வாடிக்கையாளரின் கைபேசிக்கு முன்பே போயிருக்கும். கள்வன் தனிச்செய்தியும் அனுப்பியிருக்கலாம். ஆதலால் அவர் அன்றே, முறையிட்டவரின் கேள்விக்குக் கீழே கடையின் பக்கத்திலிருந்து இவ்வாறு எழுதினார்: "ஐயா, சற்றுமுன் எங்கள் பெயரில் வந்த மறுமொழி எங்களுடையதன்று. அதில் கண்ட எண்ணுக்குப் பேசவேண்டாம். பேசியிருந்தால், பணம் போயிருந்தாலும் இல்லாவிட்டாலும், பில்லில் அச்சிட்டுள்ள எண்ணில் எங்களுக்கு இப்போதே சொல்லுங்கள்." அந்த வாடிக்கையாளர் கால் மணி நேரத்தில் கடைக்கே பேசினார். கள்வன் அனுப்பிய கியூஆர் சதுரம் அவர் கைபேசியில் திறக்கப்படாமல் இருந்தது.